38B20L இருந்த இடத்தில் 38B20R போடலாமா? போட்டோ பார்த்துச் சொல்லுங்க

வேகன்ஆர்_திண்டுக்கல்:
வணக்கம். என் கார் 2013 வேகன்ஆர், பெட்ரோல். மூணு நாளா காலையில செல்ஃப் அடிச்சா ஒரு இழுப்பு இழுத்துட்டு நின்னுடுது. மெக்கானிக் பேட்டரியை மாத்தச் சொல்லிட்டார். பழசு லேபிள்ல 38B20L, 35 ஏஹெச்னு இருக்கு. ஒரு கடையில கேட்டதுக்கு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினாங்க. அதுல 38B20R, 35 ஏஹெச். "ரெண்டும் ஒண்ணுதான் சார், கடைசி எழுத்தைப் பார்க்காதீங்க"ங்கறார். நம்பி வாங்கலாமா? இன்னைக்கே போடணும்.

ஸ்பேனர்_செல்வம்:
38ங்கறது 38 ஏஹெச். B20 பெட்டியோட சைஸ். L-ன்னா பிளஸ் இடது பக்கம், R-ன்னா வலது பக்கம். கடைக்காரர் சொல்றது முழுசா தப்பில்ல, பேட்டரியை அப்படியே திருப்பி வெச்சா வேலை முடிஞ்சுது. என் பழைய கார்ல அப்படித்தான் மூணு வருஷம் ஓடுச்சு.

வேகன்ஆர்_திண்டுக்கல்:
குழப்பமா இருக்கே அண்ணே. இப்பத்தான் பானட்டைத் திறந்து பார்த்தேன். டெர்மினல் என் பக்கம் இருக்கற மாதிரி நின்னு பார்த்தா பிளஸ் வலது கைப்பக்கம் இருக்கு. ஆனா பேட்டரியில L-தானே போட்டிருக்கு?

பேட்டரிகடை_20வருஷம்:
நீங்க பார்த்ததுதான் சரி. இந்த இடத்துல நிறைய பேர் தடுமாறுவாங்க. ரெண்டு டெர்மினலும் உங்களுக்குக் கிட்ட இருக்கற மாதிரி வெச்சுப் பார்க்கும்போது பிளஸ் வலது பக்கம் வந்தா அது L, இடது பக்கம் வந்தா R. எழுத்தைப் படிச்சு இடது வலதுன்னு யூகிக்காம, பழைய பேட்டரி பக்கத்துல நின்னு பாருங்க. 38-ம் ஏஹெச் கிடையாது, அது பேட்டரியோட திறனுக்குக் குடுக்கற எண். உங்க லேபிள்லயே 38-ம் 35 ஏஹெச்சும் தனித்தனியா இருக்கு பாருங்க. B பெட்டியோட அகலம் உயரத்துக்கு, 20 நீளம் சென்டிமீட்டர்ல, தோராயமா. அந்த வரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான், தட்டுல உட்காரும்.

சிக்கல் கேபிள்ல. டெர்மினல் ரெண்டும் பெட்டியோட ஒரு நீளப் பக்க ஓரமா இருக்கும். R-ஐத் திருப்பி வெச்சா பிளஸ் வலதுக்கு வந்துடும், ஆனா ரெண்டு டெர்மினலும் எதிர் ஓரத்துக்குப் போயிடும். ஏழெட்டு சென்டிமீட்டர் தூரம். கேபிள் எட்டலைன்னா இழுத்து மாட்டுவாங்க, அப்புறம் அது மேல குறுக்கே போற இரும்புப் பட்டியில உரசிக்கிட்டே இருக்கும். திருப்பாம வெச்சா இன்னும் மோசம். இடத்தைப் பார்த்துப் பழகின கை பிளஸ் கிளாம்பை மைனஸ்ல மாட்டப் பார்க்கும். பிளஸ் டெர்மினல் கொஞ்சம் தடிமன், அதனால மைனஸ் கிளாம்ப் அதுல சுலபமா இறங்காது. இறங்கலைன்னா சுத்தியலால தட்டாதீங்க, நிறுத்திட்டு அடையாளத்தைப் பாருங்க. மாத்திக் குடுத்துட்டா மெயின் ஃபியூஸ் போகும், ஆல்டர்னேட்டர் டையோடும் போகலாம்.

கடைக்காரர்கிட்ட மேலேர்ந்து ஒரு போட்டோ கேளுங்க. ரெண்டு டெர்மினலும், 38B20-ங்கற எழுத்தும் ஒரே படத்துல வரணும். சிவப்பு மூடியைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, அது கழட்டி எதுல வேணாலும் மாட்டற மூடி. பிளாஸ்டிக்லயே அச்சான + அடையாளம் டெர்மினல் பக்கத்துல இருக்கும், அதைப் பாருங்க.

ஸ்பேனர்_செல்வம்:
இடது வலது விஷயத்துல நான் தலைகீழா வெச்சிருந்திருக்கேன், சரி. ஆனா என் கார்ல கேபிள் தாராளமா எட்டுச்சு, எதுவும் ஆகல. எல்லா கார்லயும் ஆகாதுன்னு சொல்ல முடியாது.

பேட்டரிகடை_20வருஷம்:
எட்டற கார் இருக்கு, மறுக்கல. ஆனா அதே விலைக்கு L கிடைக்கும்போது R-ஐ வாங்கித் திருப்பி வெக்கணும்னு என்ன இருக்கு?

கோவை_டீசல்:
என் டீசல் கார் பேட்டரியில DIN 74-னு இருக்கு. B20 மாதிரி எதுவும் இல்லையே, போலியா?

பேட்டரிகடை_20வருஷம்:
போலி இல்லைங்க, அது வேற வகைப் பெட்டி. உயரம் குறைவு, டெர்மினல் உள்வாங்கி இருக்கும், அடியில இருக்கற விளிம்பைப் பிடிச்சு போல்ட் போடுவாங்க. இவர் கார் தட்டுல அது பிடிக்காது, உங்க கார்ல இவரோடது பிடிக்காது. உங்க கார்ல ஸ்டார்ட் ஸ்டாப் வசதி இருந்தா அதையும் சொல்லுங்க, அதுக்குச் சாதா பேட்டரி போடக்கூடாது.

வேகன்ஆர்_திண்டுக்கல்:
மேலேர்ந்து எடுத்த போட்டோ வந்துடுச்சு. சிவப்பு மூடி வலது பக்கம் இருக்கு, ஆனா + அச்சு இடது பக்கம்! மூடி மாறிப் போயிருக்கு. எழுத்துப்படியே R-தான். பிளஸ் கேபிளையும் இழுத்துப் பார்த்தேன், எதிர் ஓரத்துக்கு நாலு விரல் பத்தல. வேற கடையில 38B20L இருக்காம், சாயங்காலம் மாட்டறாங்க. ஒண்ணு மட்டும் பாக்கி: மூடிமேல "0925 K"-ன்னு குத்தியிருக்காங்க. அது தயாரிச்ச மாசமா?

ஸ்பேனர்_செல்வம்:
செப்டம்பர் 2025-ஆ இருக்கும்.

பேட்டரிகடை_20வருஷம்:
ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி குத்துவாங்க, அதை வெச்சு உறுதியாச் சொல்ல முடியாது. மாட்டறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. புதுசு 12.5 வோல்ட்டுக்குக் கீழ காட்டினா ரொம்ப நாளா அலமாரியில இருந்திருக்கலாம், சார்ஜ் போட்டுக் குடுங்கன்னு கேளுங்க. பில்லுல தேதி போட்டு, வாரண்டி கார்டுலயும் சீல் வாங்கிடுங்க.