மெஷின் சும்மா நிக்கிற நேரத்தை ரேட்ல எப்படி ஏத்துறது?

கத்துக்குட்டி: பெரியப்பா பிரஸ்ல வேலை கத்துக்க வந்து எட்டு மாசம் ஆகுது, இருக்கிறது ஒரே ஒரு சிங்கிள் கலர் ஆஃப்செட். வேலை வந்துக்கிட்டேதான் இருக்கு ஆனா மாசக் கடைசில தவணை கட்ட கையில காசு நிக்கல. பேப்பர், பிளேட், மை தனியா பில் போடுறோம். வாடகை, தவணை, ஆள் சம்பளம் எல்லாம் சேர்த்து மாசம் 1,20,000, அதை 200 மணி நேரத்தால வகுத்து மணிக்கு 600ன்னு பெரியப்பா வச்சிருக்கார். போன மாசம் மெஷின் பக்கத்துல ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு எழுதினேன், ஷீட் ஓடுனது 100 மணி, பிளேட் மாத்தி ரிஜிஸ்டர் பாத்து ரோலர் கழுவுனது 50, மீதி 50 சும்மா. பில் போட்டது அந்த 100க்கு மட்டும்தான். எங்க தப்பு?

ரோலர்மணி: 50 மணி நேரம் நிக்குதா? டேம்பனிங் ரோலரை செக் பண்ணுங்க, எங்களுதும் இப்படித்தான் அடிக்கடி நிக்கும்.

கத்துக்குட்டி: ரிப்பேர் இல்லண்ணே, வேலை இல்லாம நிக்குது.

கணக்குப்புள்ள: சிம்பிள். 1,20,000ஐ ஓடுன 100ஆல வகு, மணிக்கு 1,200. முடிஞ்சுது.

பழைய மை: அப்படிப் போட்டா மாட்டிப்பீங்க தம்பி. அடுத்த மாசம் 80 மணிதான் ஓடுச்சுன்னா ரேட் 1,500 ஆகும், இருக்கிற பார்ட்டியும் போவான், மெஷின் இன்னும் நிக்கும். முதல்ல அந்த ரெண்டு 50ஐயும் பிரிங்க. பிளேட் மாத்தி, ரிஜிஸ்டர் பாத்து, ரோலர் கழுவுற மேக்ரெடி சும்மா நிக்கிற நேரம் இல்ல, அது அந்தந்த வேலையோட செலவு. 1,000 நோட்டீஸ் ஓட கால் மணி, ரெடி பண்ண முக்கால் மணி, நீங்க வாங்குறது 150, நியாயமா ஒரு மணி நேரத்துக்கு வாங்கணும். மீதி 50தான் நிஜமா சும்மா, அதை ரேட்ல ஏத்தணும், அதுவும் ஒரு மாசத்தை வச்சு இல்ல, ஒரு வருஷ நோட்டைப் பாத்து சராசரி எடுங்க. ஓட்டமும் மேக்ரெடியும் சேர்த்து மாசம் சராசரி 150 மணி வந்தா, 1,20,000ஐ அதால வகுத்து மணிக்கு 800.

நைட்ஷிப்ட்: எங்க கடைல 800க்கு ஏத்துனோம், சின்ன பில்லுக்கு யாரும் வாய் திறக்கல, 20,000 காப்பி அடிக்கிறவர் மட்டும் வேற பிரஸ்க்குப் போயிட்டாரு. இப்ப மெஷின் சும்மா இருக்குற நாள்ல வந்தா குறைச்சுக் கொடுக்கிறோம், சரியா தப்பான்னு இன்னும் புரியல.

பழைய மை: எப்பவாவது ஒரு தடவை ஓகே. அதுவே ரேட்டா ஆயிட்டா தவணையை யார் கட்டுறது?

கத்துக்குட்டி: நோட்டைக் காமிச்சேன். பெரியப்பா ரொம்ப நேரம் அந்த முக்கால் மணியையே பாத்துட்டு, "இதை நாளையில இருந்து பில்லுல போடு, 800 எல்லாம் வருஷம் முடியட்டும்"னாரு. நோட்டு மெஷின்லதான் தொங்குது, இன்னைக்கு அவரே ஒரு வரி எழுதியிருக்கார், 11:20 முதல் 12:40 வரை, வேலை இல்லை.