எண்ணை மறைத்து அழைப்பதும் அதை ஏற்காமல் விடுவதும்: தமிழில் என்ன சொல்லலாம்?

சர்மிளா, வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம்.

ஓர் அலுவலகத் தொலைபேசி இணைப்பகத்தின் அமைப்புப் பக்கங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இரண்டு வசதிகளில் வந்து நிற்கிறேன். ஒன்று, அழைக்கிறவர் தன் எண்ணை எதிர்ப்பக்கத்துக்குக் காட்டாமல் அழைப்பது. மற்றது, அப்படி வருகிற அழைப்பை வாங்குகிற பக்கம் தானாகவே ஏற்காமல் விடுவது. கையில் இருக்கிற பழைய சொல் கோப்பில் முதலாவது "அழைப்பாளர் அடையாள மறைப்பு", இரண்டாவது "அநாமதேய அழைப்பு நிராகரிப்பு".

பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பரீட்சித்துப் பார்க்கக் கொடுத்த இடத்தில், வரவேற்பில் இருக்கிற பிள்ளை இரண்டாவதை இயக்கிவிட்டு, "விளம்பரக் கோல் எல்லாம் இன்னும் வருகுது, இது வேலை செய்யவில்லை" என்றார். தனக்குத் தெரியாத நம்பர் எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்திருக்கிறார். கடன் அட்டை விற்கிறவர்கள் எண்ணை மறைப்பதில்லையே, பட்டப்பகலில் காட்டிக்கொண்டுதான் எடுக்கிறார்கள். இந்தக் குழப்பம் வராத ஒரு சொல் வேண்டும்.

ரிஷாத், மருதானை

சர்மிளா அக்கா, "எண் அனுப்பா அழைப்பு" என்று வைத்தால் என்ன? உண்மையில் நடப்பது அதுதான். கைபேசியில் எண்ணுக்கு முன்னால் `#31#` அடித்தால் நம் நம்பர் அந்த ஒரு கோலுக்குப் போகாது. போகாத ஒன்றை எதிர்ப்பக்கம் எப்படிக் காட்டும்? பொலிஸாலும் கண்டுபிடிக்க ஏலாது என்கிறார்களே, அதற்கும் இதுதான் காரணம்.

குலசிங்கம், தெகிவளை

தம்பி ரிஷாத், `#31#` சரி. அந்த ஒரு அழைப்புக்கு மட்டும் என்பதும் சரி, சேவை நிறுவனம் அந்த வசதியைத் திறந்து வைத்திருந்தால். எண் போகாது என்பது மட்டும் பிழை. நான் வேலைக்காலம் முழுவதும் இணைப்பகங்களில் இருந்தவன், ஆகவே இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல விடுங்கள்.

அழைப்பைத் தொடங்கும் செய்தியில் அழைக்கிறவரின் எண் எப்போதும்போல் ஏறித்தான் போகிறது. அதன் பக்கத்தில் ஒரு குறி இருக்கும்: காட்டலாம், காட்டக் கூடாது, எண் கிடைக்கவில்லை. நீங்கள் `#31#` அடித்தால் மாறுவது அந்தக் குறிதான். வாங்குகிறவரின் பக்கத்து இணைப்பகம் குறியைப் பார்த்து, எண்ணைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மணியை மட்டும் அடிக்கிறது. அதனால்தான் அவசர சேவைகளுக்கு இந்தக் குறியை மீறி எண்ணைக் காட்டவும் தரநிலையில் இடம் வைத்திருக்கிறார்கள். நிறுவனத்தின் பதிவிலும் எண் இருக்கும். முறைப்படி கேட்டால் பொலிஸுக்குக் கிடைக்கும்.

இணையவழித் தொலைபேசியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்:

```
From: "Anonymous" <sip:anonymous@anonymous.invalid>;tag=7a1
P-Asserted-Identity: <tel:+9411xxxxxxx>
Privacy: id
```

முதல் வரியில் முகம் மறைந்திருக்கிறது. இரண்டாம் வரியில் வலையமைப்பு உறுதிப்படுத்திய உண்மையான எண். மூன்றாம் வரி, "இதை வாடிக்கையாளருக்குக் கொடுக்காதே" என்கிற கட்டளை. 2002இலேயே இந்த முறை எழுதப்பட்டுவிட்டது. எனவே "அனுப்பா" வேண்டாம். "அநாமதேயம்" என்பதும் எனக்கு உறுத்துகிறது. வலையமைப்புக்கு ஆள் யாரென்று நன்றாகத் தெரியும், வாங்குகிறவருக்கு மட்டுமே தெரியாது.

ஜெயராணி, கொட்டாஞ்சேனை

நான் மொழி ஆள் இல்லை, தாதி. தலைப்பைப் பார்த்ததும் எங்களுக்கு நடந்ததைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் கிளினிக்கில் ஒரு டொக்டர் மிஸ் இரத்தப் பரிசோதனை முடிவு பார்த்துவிட்டு வீட்டிலிருந்தே நோயாளிகளுக்கு எடுப்பார், எண்ணை மறைத்துத்தான். ஒருமுறை மறைக்காமல் எடுத்த பிறகு இரவு பன்னிரண்டு, ஒரு மணிக்கெல்லாம் ஆட்கள் அவரை எழுப்பத் தொடங்கிவிட்டார்கள். அண்மையில் வத்தளையில் ஓர் ஐயாவுக்குப் பொட்டாசியம் கூடிப்போயிருந்தது, உடனே வரச் சொல்ல வேண்டும். மிஸ் மாறி மாறி எடுத்தும் ஒவ்வொரு தடவையும் மணி அடிக்காமலே ஒரு குரல் வந்து கட்டாகிவிட்டது. போன் பழுது என்று நினைத்து, கடைசியில் நான் கிளினிக் நம்பரிலிருந்து எடுத்தேன், முதல் மணியிலேயே மகள் தூக்கினார். "எங்களுக்கு ஒரு கோலும் வரவில்லையே" என்று சத்தியம் செய்கிறார். அவர் பொய் சொல்கிறாரா?

குலசிங்கம், தெகிவளை

இல்லை பிள்ளை, அவர் சொன்னது முழு உண்மை. மணியே அடிக்காமல் குரல் வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அடையாளம் அதுதான். அந்த இணைப்பில், மறைத்து வரும் அழைப்புகளை ஏற்காமல் விடும் வசதி வலையமைப்பிலேயே இயங்குகிறது. இணைப்பகம் "காட்டக் கூடாது" என்ற குறியைக் கண்டதும் அழைப்பை அங்கேயே திருப்பிவிட்டது. வத்தளை வீட்டுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை, போனின் பட்டியலிலும் பதிந்திருக்காது. இணையவழியில் அந்தத் திருப்பலுக்கென்றே ஒரு பதில் இருக்கிறது:

```
SIP/2.0 433 Anonymity Disallowed
```

இந்த 433 தனியாக 2007இல் வந்தது. ஆளே மறுத்துவிட்டார் என்ற பதிலிலிருந்து பிரித்துக் காட்டத்தான். 433 வந்தால், எண்ணைக் காட்டி எடுத்தால் போகும் என்று அழைக்கிற பக்கம் தெரிந்துகொள்கிறது.

கைபேசியே செய்கிற தடுப்பு வேறு. அங்கே அழைப்பு கைபேசி வரை வந்துதான் துண்டிக்கப்படுகிறது. பல போன்களில் தடுத்த அழைப்பாகப் பட்டியலில் ஒரு வரி நிற்கும். அப்படி ஒரு வரி இருந்தால் போனின் அமைப்பைப் பாருங்கள், இல்லாவிட்டால் சேவை நிறுவனத்திடம் கேளுங்கள்.

டொக்டர் மிஸ் போனில் எப்போதும் மறைக்கும்படி வைத்திருந்தால், `*31#` என்று அடித்து அதன் பின்னால் எண்ணை அடிக்கலாம், அந்த ஒரு அழைப்புக்கு எண் தெரியும். அவசரம் இல்லாதபோது கிளினிக் எண்ணைக் காட்டி எடுக்க இணைப்பகத்தில் ஒழுங்கு செய்வதுதான் நல்லது.

ஜெயராணி, கொட்டாஞ்சேனை

நன்றி ஐயா. மகளிடம் கேட்டேன். யாரோ இரவில் எண்ணை மறைத்து எடுத்துப் பேசாமல் மூச்சு மட்டும் விடுவதாம், மாதக்கணக்காக. அந்தத் தொல்லை தாங்காமல்தான் இதைப் போட்டிருக்கிறார். அதை நிறுத்திவிடும்படி அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வீட்டுக்குக் கிளினிக் நம்பரிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று அட்டையில் எழுதி வைத்துவிட்டோம்.

சர்மிளா, வெள்ளவத்தை

ஜெயராணி அக்காவின் கதை என் வேலையைத் தெளிவாக்கிவிட்டது. அப்படியானால் அந்தக் குறியின் பெயரையே எடுத்து, முதலாவது "எண் மறைப்பு", அப்படி வருகிற அழைப்பு "மறையெண் அழைப்பு", அதைத் திருப்புவது "மறையெண் அழைப்பு மறுப்பு". நீளமும் குறைவு, பொத்தானில் அடங்கும்.

வசந்தா, பம்பலப்பிட்டி

சர்மிளா, தயவுசெய்து "மறையெண்" வேண்டாம். நான் கணிதம் படிப்பிக்கிறவள். இங்கே எங்கள் பிள்ளைகளுக்கு மறை எண் என்றால் பூச்சியத்துக்குக் கீழே உள்ள எண், நேர் எண்ணுக்கு எதிர். பாடப்புத்தகத்திலும் வினாத்தாளிலும் அதுதான். தமிழ்நாட்டில் குறை எண் என்பார்கள், அவர்களுக்கு இது உறுத்தாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் இணைப்பகம் கொழும்பு அலுவலகத்தில் அல்லவா இருக்கப் போகிறது. "மறைத்த எண்" என்று பெயரெச்சமாகவே விடுங்கள். இரண்டு எழுத்து கூடினாலும் பொருள் மாறாது, யாரோ மறைத்தார் என்ற செயலும் அதில் இருக்கிறது.

ரிஷாத், மருதானை

"அனுப்பா"வை விட்டுவிடுகிறேன். ஆனால் "மறுப்பு" சரியா? கோல் வரும்போது சிவப்புப் பொத்தானில் "நிராகரி" என்று இருக்கிறது, அது நாம் விரலால் செய்வது. இது தானாக நடக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி ஒலித்தால் வரவேற்புப் பிள்ளை திரும்பவும் குழம்புவார். "தடுப்பு" என்றால் ஒரு குறிப்பிட்ட நம்பரைத் தடுப்பது என்று ஆகிவிடும். "ஏற்காமை" என்றால்?

பத்மா, கொள்ளுப்பிட்டி

எனக்கு ஒரு சந்தேகம். தம்பி ரொறொன்ரோவிலிருந்து மலிவான கோலிங் காட்டில் எடுப்பான். எனக்கு "Unknown" என்றுதான் விழும். நீங்கள் எல்லாரும் எழுதியதைப் படித்த பிறகு கேட்கிறேன், அவன் ஏன் என்னிடம் நம்பரை மறைக்கிறான்? மகனும் என் போனில் ஏதோ போட்டுவிட்டான், ஒரு கிழமையாகத் தம்பியின் கோலே வருவதில்லை.

குலசிங்கம், தெகிவளை

தங்கச்சி, தம்பி மேல் பழி போடாதீர்கள். நான் சொன்ன மூன்றாவது குறி உங்கள் போனில்தான் வந்து விழுகிறது: எண் கிடைக்கவில்லை. அழைப்பு பல நாட்டு நிறுவனங்கள் வழியாகக் கைமாறி வரும்போது நடுவில் ஓரிடத்தில் எண் தொலைந்துபோகிறது. யாரும் மறைக்கவில்லை.

சர்மிளா, இது உங்களுக்கும் வேண்டியது. ஒழுங்காகச் செய்யப்பட்ட வலையமைப்புச் சேவை, மறைத்த அழைப்பை மட்டும்தான் திருப்ப வேண்டும். எண் தொலைந்து வந்ததை உள்ளே விட வேண்டும், ஏனென்றால் அழைக்கிறவருக்கு அதைத் திருத்த வழி இல்லை. டொக்டர் மிஸ்ஸுக்கு `*31#` இருக்கிறது, ரொறொன்ரோத் தம்பிக்கு எதுவும் இல்லை. ஆனால் பல கைபேசிகள் இரண்டையும் சேர்த்தே தடுக்கின்றன. பத்மாவின் மகன் போட்டது அதுவாகத்தான் இருக்கும்.

சர்மிளா, வெள்ளவத்தை

இப்போது விளங்குகிறது. அண்ட்ரொய்டின் அழைப்புப் பதிவிலும் இவை தனித்தனி: `PRESENTATION_RESTRICTED` 2, `PRESENTATION_UNKNOWN` 3. நாங்கள் இரண்டையும் "தெரியாத எண்" என்று எழுதிக் கெடுத்திருக்கிறோம். ஐபோனின் பழைய பதிப்புகளில் உள்ள "Silence Unknown Callers" என்பது மூன்றாவது பொருள், தொடர்புப் பட்டியலில் இல்லாத எண்கள். வரவேற்புப் பிள்ளை எதிர்பார்த்தது அதைத்தான்.

எனவே என் கோப்பில் "தெரியாத" என்ற சொல்லையே எடுத்துவிடுகிறேன். "மறைத்த எண்", "எண் கிடைக்கவில்லை", "பட்டியலில் இல்லாத எண்" என்று மூன்று. அழைக்கிறவரின் வசதி "எண் மறைப்பு". வாங்குகிறவரின் வசதிக்கு இப்போதைக்கு "மறைத்த எண் ஏற்காமை", வேறு நல்லது வந்தால் மாற்றுவேன்.

வசந்தா, பம்பலப்பிட்டி

"ஏற்காமை" பொத்தானில் படிக்க முரடாக இருக்கிறது. பெயர்ச்சொல்லே வேண்டுமா? "மறைத்த எண்களை ஏற்காதே" என்று ஏவலாக எழுதலாமே. அப்புறம், "எண் மறைப்பு" என்றால் பெயர் என்னவாகிறது? நிறுவனப் பெயரும் திரையில் விழுகிறதே, அதையும்தானே மறைக்கிறது?

குலசிங்கம், தெகிவளை

அதையும் மறைக்கிறது. அந்த வகையில் பழைய "அடையாள மறைப்பு" தான் துல்லியம். ஆனால் கைபேசி வைத்திருக்கிற யாரும் "என் அடையாளத்தை மறைத்தேன்" என்று சொல்லமாட்டார், "நம்பரை மறைத்தேன்" என்பார். நான் எண் பக்கம். வசந்தா ரீச்சர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று தெரியும்.

ஜெயராணி, கொட்டாஞ்சேனை

அந்த மணி அடிக்காமல் வருகிற குரலையும் தமிழாக்குவீர்களா? எங்கள் டொக்டர் மிஸ்ஸுக்குக் கேட்டது "இந்த இலக்கத்துக்குத் தற்போது தொடர்பு ஏற்படுத்த முடியாது" என்கிற மாதிரி ஏதோ ஒன்று. அதைக் கேட்டு யார்தான் எண்ணைக் காட்டி எடுக்கப் பார்ப்பார்கள்?

சர்மிளா, வெள்ளவத்தை

எங்கள் இணைப்பகத்தின் குரல் என் கையில்தான் இருக்கிறது, அக்கா. இப்படி எழுதியிருக்கிறேன்: "நீங்கள் அழைத்தவர் எண்ணை மறைத்து வரும் அழைப்புகளை ஏற்பதில்லை. உங்கள் எண்ணைக் காட்டி மீண்டும் அழையுங்கள்." எப்படிக் காட்டுவது என்பதையும் சொல்லலாமா என்று பார்க்கிறேன். கைபேசிக்கு `*31#` சரி, எல்லா மேசைத் தொலைபேசியிலும் அது வேலை செய்யாது. சிங்களக் குரலை எழுதுகிறவர்களிடமும் கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்குள் "ஏற்காதே"யா "ஏற்காமை"யா என்று இன்னும் நாலு பேர் எழுதினால் உதவியாக இருக்கும்.