புதுப்பிப்பு: அடியில் வலி, நான்கு மாதம் கழித்து

"விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் இரண்டு வருஷமாக வலி. உட்கார்ந்தால் கூடுகிறது, சிறுநீர் அடிக்கடி முட்டுகிறது. மூன்று முறை சோதித்தும் கிருமி இல்லை. ஏன்?" இது நான் கேட்டது.

புராஸ்டேட் வீக்கம்தான், இன்னும் ஆறு வாரம் ஆன்டிபயாடிக் எடுங்கள் என்றார் ஓர் அண்ணன். கிருமி இல்லாத இந்த வலியையும் டாக்டர்கள் அந்தப் பெயரில் சொல்வதுண்டு, அதனால் பெயர் பாதி சரி. ஆனால் கிருமியே இல்லாமல் அந்த மருந்தை நீட்டி என்ன பயன்? இன்னொருவர் தன் சிறுநீரகக் கல் கதையைச் சொன்னார். பாவம், அவருக்கும் வலிதான்.

அப்புறம் டர்பனில், சிறுநீர்ப்பையையும் குடலையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைக்கான பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போனேன். காத்திருந்தவர்களில் நான் ஒருவன்தான் ஆண். கையுறை போட்ட விரலை ஆசனவாய் வழியே விட்டு, இடப்பக்கத் தசையில் ஓரிடத்தை மெல்ல அழுத்தினார். அதே வலி! ஆண்குறி நுனி வரை ஓடியது, கூடவே சிறுநீர் முட்டியது. "உங்கள் தசை எப்போதும் இறுகியே இருக்கிறது அங்கிள், தளரத் தெரியவில்லை" என்றார்.

யூடியூப் பார்த்து நான் தினமும் செய்த, அந்தத் தசையை இறுக்கிப் பிடிக்கும் கீகல் பயிற்சி, இறுகியதை இன்னும் இறுக்கியிருக்கிறது. அதை நிறுத்தச் சொன்னார். இப்போது மல்லாந்து படுத்து, வயிறு உப்ப மூச்சிழுத்து அடித்தசையைத் தளர்த்துகிறேன்.

இரவில் நான்கு முறை எழுந்தவன் இப்போது ஒருமுறைதான். ஆனால் ஜோகன்னஸ்பர்க் வரை கார் ஓட்டினால் வலி திரும்புகிறது. சிறுநீரில் இரத்தமோ காய்ச்சலோ வந்தால் உடனே டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறார்.