போகி காலையில் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பலாமா?

வேளச்சேரி அம்மா:
என் பையனுக்கு எட்டு வயது. தினமும் காலை ஆறரைக்கு கால்பந்துப் பயிற்சி. போன போகியன்று எதிர் வீடு தெரியாத அளவுக்குப் புகை, கண் எரிச்சல். காற்றுத்தரக் குறியீட்டைக் காட்டும் சமீர் ஆப்பைப் பார்த்தால் 133, ‘மிதமானது’ என்று காட்டியது. கோச் வரச் சொன்னார், நான் அனுப்பவில்லை. இந்த வருடமும் அதே நிலைதான் வரும். எதை நம்பி முடிவு செய்கிறீர்கள்?

மயிலாப்பூர்க்காரன்:
நமக்குக் கடல் இருக்கிறது, இது டெல்லி இல்லை. கடல் காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். அனுப்புங்கள்.

காற்றுத்தர வேலையில் இருப்பவர்:
கடல் காற்று உதவும், ஆனால் விடியற்காலையில் அதை நம்ப முடியாது. மார்கழி, தை மாதங்களில் அந்த நேரத்தில் காற்று பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். தரையும் குளிர்ந்திருப்பதால் புகை மேலே போகாமல் தாழவே தங்கும். வெயில் ஏறிய பிறகுதான் கலையும்.

உங்கள் 133 பொய்யில்லை, அது 24 மணி நேரச் சராசரி. ஒரு கணக்கு பாருங்கள். முந்தைய 20 மணி நேரம் PM2.5 எனும் நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம், போகிப் புகை எழுந்த கடைசி 4 மணி நேரம் 220 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 70தான் வரும், குறியீட்டில் அது சுமார் 133. ஆனால் பையன் ஓடும்போது மூச்சில் போவது 220.

அதனால் குறியீட்டை விட்டுவிட்டு, பக்கத்துக் காற்றுத்தர அளவீட்டு நிலையத்தில் அந்த மணி நேரத்தின் PM2.5 அளவைப் பாருங்கள். என் வீட்டில் 60க்குள் இருந்தால் வழக்கம்போல் விளையாட்டு. 60 முதல் 90 வரை என்றால் ஓட்டம் குறைத்து அரை மணி நேரம். அதற்கு மேல் வீட்டுக்குள்தான். இது அரசு விதி இல்லை, நான் வைத்துக்கொண்டது.

இன்னொன்று, சில ஆப்கள் அமெரிக்கக் கணக்கில் காட்டும். அதே 60, நம் குறியீட்டில் 100, அவர்கள் குறியீட்டில் 150ஐத் தாண்டும். இரண்டையும் கலக்காதீர்கள்.

கொடுங்கையூர் அக்கா:
என் மகளுக்கு வீசிங் உண்டு. எங்கள் தெருமுனைக் காலி மனையில் குப்பையைக் கொளுத்தினால் எந்த நிலையத்திலும் அது தெரியாது. எண் 50 என்றாலும் கருகல் வாடை வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவேன். முந்தின இரவு இருமியிருந்தால் மறுநாள் விளையாட்டே கிடையாது, பள்ளிக்குப் போனாலும் இன்ஹேலர் பையில் இருக்கும். மருத்துவர் சொன்னது இது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே எண் சரிவராது என்பேன்.

புது அப்பா:
என்95 மாஸ்க் போட்டு அனுப்பினால் போதாதா?

காற்றுத்தர வேலையில் இருப்பவர்:
சின்ன முகத்தில் ஓரம் ஒட்டாது, இடுக்கு வழியாகப் புகை போகும். போட்டுக்கொண்டு ஓடவும் முடியாது. வேளச்சேரி அம்மா, அன்றைக்கு மட்டும் மாலை நாலரைக்கு மாற்றச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் ஒருமுறை அளவைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

வேளச்சேரி அம்மா:
கேட்டேன். மாலையில் பெரிய பசங்களுக்கு மைதானம் ஒதுக்கியாகிவிட்டதாம். மற்ற பெற்றோர்களிடம் அந்த 220 கணக்கை அனுப்பியிருக்கிறேன், இருவர்தான் பதில் சொன்னார்கள்.