ஓட்டு வீட்டுக்கு நாலு தொன் கம்பி தேவையா?

வணக்கம் உறவுகளே. கொக்குவிலில 1000 சதுர அடியில ஒரு தட்டு வீடு கட்டப்போறம். கூரை ஓடு, பிளாட் இல்லை. கொன்றாக்டர் தந்த எஸ்டிமேற்றில சீமெந்து 400 பை, கம்பி 4000 கிலோ. பரப்பளவால பிரிச்சால் சதுர அடிக்கு 0.4 பை, 4 கிலோ. பொதுவா எல்லாரும் சொல்லுற கணக்கோட அப்படியே பொருந்துது. எனக்கு இடிக்கிறதும் அதுதான். அந்தக் கணக்கு கொங்கிறீற் பிளாட் போடுற வீட்டுக்கு உரியது.

அதால பீம் நீளத்தை வச்சுப் பார்த்தன். அத்திவாரத்துக்கு மேல ஒரு பீம், லிண்டலில ஒண்டு, இரண்டும் சேர்த்து 400 அடி. நாலு 12 மில்லிமீற்றர் கம்பி, அடிக்கு 0.27 கிலோப்படி 430 கிலோ வருது. வளையம், தூண், அத்திவார வலை, கழிவு எல்லாம் சேர்த்தாலும் ஒரு தொன்னைச் சுற்றித்தான் நிக்குது. சீமெந்தும் 5 அங்குல பிளாட் இல்லாததால 75 பையளவு குறையவேணும்.

யாழ்ப்பாணத்தில அண்மையில ஓட்டு வீடு கட்டினவை, உங்களுக்குக் கம்பி எவ்வளவு முடிஞ்சது? தூண் எத்தனை எண்டும் சொல்லுங்கோ. கம்பி வெட்டுப் பட்டியல் கேட்டு வாங்கினவை ஆரும் இருந்தால், அதில என்னென்ன பார்க்கவேணும்?