வாடகை வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு பாதியில் நின்றுவிடுகிறது, காஸுக்கே போய்விடலாமா?

மாடிக்குடித்தனம்:
கொஞ்சம் அவசரம். புது வாடகை வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. காஸ் இன்னும் வாங்கவில்லை, இண்டக்ஷனில்தான் சமையல். பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் கத்திவிட்டு நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் விட்டுப் போட்டால் மறுபடி ஓடுகிறது. அடுப்பு கெட்டுவிட்டதா? பேசாமல் காஸே வாங்கிவிடட்டுமா? செலவு எதில் குறைவு?

காந்தம்:
பாத்திரம்தான் காரணம். அடியில் காந்தம் வைத்துப் பாருங்கள். இறுக்கமாக ஒட்ட வேண்டும். லேசாக ஒட்டி வழுக்கினால் அந்த எவர்சில்வர் உதவாது. அலுமினியம், செம்பு என்றால் அடுப்புக்குப் பாத்திரம் இருப்பதே தெரியாது. அடி மேடாகிப்போன பாத்திரமும் சரிவராது. நான் இதே தொல்லையில் இருந்தவன், பாத்திரத்தை மாற்றியதும் தீர்ந்தது.

கம்பிவேலை:
அடுப்பு எத்தனை வாட்? எந்த சாக்கெட்டில் சொருகியிருக்கிறீர்கள், சின்ன துளையா பெரிய துளையா? நடுவில் எக்ஸ்டென்ஷன் உண்டா? நிற்கும்போது திரையில் என்ன எண் வருகிறது? அடுப்புக்குக் கீழே துணியோ பிளாஸ்டிக் விரிப்போ இருக்கிறதா? இதெல்லாம் தெரியாமல் யாரும் எதையும் வாங்கச் சொல்லக்கூடாது.

நெடுநாள்வாசி:
இதே கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது, தேடிப் பார்த்திருக்கலாம். வாடகை வீட்டு வயரிங்கை நம்பி இண்டக்ஷன் வாங்குவதே தவறு. வீடு பார்க்கும்போது அடுக்களையில் எத்தனை பாயின்ட் என்று பார்ப்பது அடிப்படை. காஸுக்கு மின்சாரமே வேண்டாம், பாத்திரம் மாற்ற வேண்டாம். வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈரத்துணி:
காஸ் என்றால் கவலை இல்லை என்று எழுதாதீர்கள். போன வாடகை வீட்டில் முன்பு இருந்தவர் விட்டுப்போன ரப்பர் குழாயையே நானும் மாட்டிக்கொண்டேன். ஒரு காலையில் தண்ணீர்க்குடம் எடுக்கக் குனிந்தபோதுதான் வாடை வந்தது, நிமிர்ந்தால் இல்லை. சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். என் ஜன்னலோ தலைக்கு மேலே. எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடிவிட்டு, கதவைத் திறந்துபோட்டு வெளியே நின்றேன். பிறகு சோப்பு நுரை தடவிப் பார்த்தால், குழாய் அடுப்பில் மாட்டும் இடத்தில் குமிழி குமிழியாக வந்தது. வாடகை வீட்டில் காஸ் வைத்தால் முதல் நாளே புதுக்குழாய் போடுங்கள்.

மாடிக்குடித்தனம்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். அடுப்பு 2000 வாட். பாத்திரங்கள் எல்லாம் பழைய வீட்டில் இரண்டு வருடம் இதே அடுப்பில் வைத்தவைதான். இங்கே அடுக்களையில் சின்ன சாக்கெட் மட்டும் இருக்கிறது, பெரிய பின் நுழையவில்லை, அதனால் கன்வர்ட்டர் பிளக் போட்டேன். E என்று ஏதோ வருகிறது, எண்ணைக் கவனிக்கவில்லை. லேசாக மீன் நாற்றம் மாதிரி ஒன்று வரும், கீழ் வீட்டிலிருந்து என்று நினைத்தேன்.

கம்பிவேலை:
அந்த நாற்றம் கீழ் வீட்டில் இருந்து வரவில்லை. சூடேறிய பிளக், சாக்கெட் பிளாஸ்டிக் அப்படித்தான் நாறும். இன்று அந்த சாக்கெட்டில் அடுப்பைப் போடாதீர்கள்.

2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். அந்தச் சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. கன்வர்ட்டர் பின்னின் அளவை மட்டும் மாற்றும், சாக்கெட்டின் பலத்தை மாற்றாது. உள்ளே பித்தளைப் பிடிப்பு சூட்டில் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும். அங்கே மின்னழுத்தமும் இறங்கும். அடுப்பு நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், அடி விசிறிக்குக் காற்று போகாமல் உள்ளே சூடேறியும் நிற்கலாம். அந்த எண் தெரிந்தால் கையேட்டைப் பார்த்துப் பிரித்துவிடலாம். மெயினை அணைத்துவிட்டு பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பின் ஓரம் பழுப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

காந்தம் சொன்னதும் உண்மைதான், ஆனால் பாத்திரம் பிடிக்காவிட்டால் அடுப்பு வைத்த உடனே கத்தும். பத்து நிமிடம் கொதிக்கவிட்டு நிற்காது.

சரவெடி:
எம்சிபி பெரியதாக மாற்றினால் போதுமே? எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம்.

கம்பிவேலை:
தயவுசெய்து வேண்டாம். எம்சிபி காப்பது சுவருக்குள் இருக்கும் கம்பியை. மெல்லிய கம்பிக்குப் பெரிய எம்சிபி போட்டால், அது விழுவதற்கு முன் கம்பி எரியும். இவர் வீட்டில் எம்சிபி விழவே இல்லை, கவனித்தீர்களா? தளர்ந்த பிடிப்பில் சூடுதான் ஏறும், மின்னோட்டம் அதிகமாகாது. அதனால் எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. உங்கள் வீட்டிலும் ஒருவரை வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

காந்தம்:
சரி, 1000 வாட்டில் வைத்து ஓட்டினால்?

கம்பிவேலை:
4.3 ஆம்பியர்தான், நல்ல சாக்கெட் என்றால் தாங்கும். சூடு பட்டுத் தளர்ந்த சாக்கெட்டில் அதுவும் வேண்டாம். 2 லிட்டர் தண்ணீர் 2000 வாட்டில் ஆறு நிமிடத்தில் கொதித்தால், 1000 வாட்டில் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். அவ்வளவு நேரம் சாக்கெட்டும் சூட்டிலேயே இருக்கும்.

நெடுநாள்வாசி:
செலவைக் கேட்டாரே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. காஸ்தான் மலிவு என்பது எல்லோருக்கும் தெரியும்.

கணக்குநோட்டு:
எல்லோருக்கும் தெரியும் என்று விட முடியாது, ஊருக்கு ஊர் விலை மாறும். 1 கிலோ சிலிண்டர் காஸில் ஏறக்குறைய 12.8 யூனிட் வெப்பம் இருக்கிறது. அதில் பாதி பாத்திரத்துக்குள் போகிறது என்று வையுங்கள், மீதி பக்கவாட்டில் போய்விடும். இண்டக்ஷனில் 85 சதவீதம் போகும். அப்படியானால் 1 கிலோ காஸ் செய்யும் வேலைக்கு ஏழரை யூனிட் மின்சாரம். உங்கள் காஸின் ஒரு கிலோ விலையை ஏழரையால் வகுங்கள். மின்சாரம் ஒரு யூனிட் அதற்குக் கீழே இருந்தால் இண்டக்ஷன் லாபம்.

நெடுநாள்வாசி:
நல்ல பர்னரில் 60 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும். பாதி என்று எடுத்து இண்டக்ஷனுக்குச் சாதகமாகக் கணக்குப் போடுகிறீர்கள்.

கணக்குநோட்டு:
60 என்றால் ஏழரைக்குப் பதில் ஒன்பதால் வகுங்கள், மறுக்கவில்லை. ஆனால் தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டி விளிம்பில் ஏறினால் 60 எங்கே கிடைக்கும்? சின்னப் பாத்திரத்தில் பாதிகூடக் கிடைக்காது. இன்னொன்று, பயன்பாடு கூடக்கூட யூனிட் விலை ஏறும் இடமாக இருந்தால், அடுப்புக்கான யூனிட்டுகள் மேல் படி விலையில் விழும். சராசரி விலையை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

நெடுநாள்வாசி:
பர்னரைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்களுக்கு அந்தக் கணக்கு. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஈரத்துணி:
சண்டையை விடுங்கள். அவர் சாக்கெட் என்ன ஆயிற்று?

மாடிக்குடித்தனம் (மூன்று நாள் கழித்து):
எலக்ட்ரீஷியன் வந்தார். கன்வர்ட்டரின் ஒரு பின் கறுத்திருந்தது. சாக்கெட்டைக் கழற்றியபோது பின்னால் கம்பியின் உறை ஒரு விரல் நீளத்துக்கு உருகி, தொட்டால் உதிர்ந்தது. வீட்டுக்காரரிடம் அதைப் படம் எடுத்துக் காட்டியதும் மறுப்பு சொல்லவில்லை. போர்டிலிருந்து தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்து, 16 ஆம்பியர் சாக்கெட்டும் தனி எம்சிபியும் போட்டாயிற்று. கம்பிக்கு அவர், கூலிக்கு நான். நேற்று நாற்பது நிமிடம் ஓட்டினேன், பிளக் சில்லென்று இருந்தது. காஸ் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. கம்பிவேலை அண்ணனுக்கு நன்றி.

கம்பிவேலை:
நல்லது. சமைத்து முடித்ததும் சுவர் ஸ்விட்சை உடனே அணைக்காதீர்கள், விசிறி நிற்கும் வரை விடுங்கள். அந்த E எண் என்ன என்று பார்த்தீர்களா?

சரவெடி:
எங்கள் வீட்டு எம்சிபி 32 என்று போட்டிருக்கிறது. கம்பி என்ன அளவு என்று வெளியே இருந்து எப்படிப் பார்ப்பது?