காத்து 3 டிகிரி, நாத்து மேல ஐஸ்: தெர்மாமீட்டர் கோளாறா?

வால்பாறை நர்சரி:
வணக்கமுங்க. ஓடையை ஒட்டின பள்ளத்துல தேயிலை நாத்துப் பைகள் வெச்சிருக்கோம். மேகமில்லாத ராத்திரி கழிஞ்சு விடியக்காலம் பார்த்தா, ஷெட்டுல மாட்டின மினிமம் தெர்மாமீட்டர் 3 டிகிரிக்குக் கீழே போகவே இல்லை. ஆனா வெயிலுக்குப் பழக்க வெளியே எடுத்து வெச்ச நாத்துல வெள்ளையா ஐஸ். பத்து மணிக்கு மேல கொழுந்து கருகிப்போகுது. பந்தலுக்குள்ள இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகலை. வேற தெர்மாமீட்டர் வெச்சும் அதே 3 தான். எதை நம்பறது?

மேட்டுப்பாளையம் தோட்டம்:
குளிர்ந்த காத்து கனமானது, மேட்டுல இருந்து வழிஞ்சு பள்ளத்துல தேங்கும். உங்க தெர்மாமீட்டர் தலை உசரத்துல இருக்கும், நாத்து தரையில. அவ்வளவுதான். சாயங்காலமே பாலித்தீன் ஷீட்டைப் போர்த்திவிடுங்க.

கோபி வானிலை:
பள்ளத்துல குளிர் தேங்கும்ங்கறது நெசம். ஆனா பந்தலும் அதே பள்ளத்துலதானே இருக்குது? அங்க ஏன் உறையலை? விடை அதுலதான் இருக்குதுங்க.

தெர்மாமீட்டர் சொல்றது காத்தோட சூடு. இலையோட சூடு வேற. திறந்தவெளி இலை ராத்திரி பூரா வானத்தைப் பார்த்து வெப்பத்தைக் கதிரா விட்டுக்கிட்டே இருக்கும். காத்துல ஈரம் கம்மியானா வானத்துல இருந்து திரும்பி வர்றதும் கம்மி. காத்து 3 டிகிரி, ஈரப்பதம் 80% சுமார்னு வெச்சுக்குவோம். பனிநிலை, அதாவது காத்துல இருக்கற ஈரம் நீராக் கோக்க ஆரம்பிக்கற சூடு, 0 டிகிரி வரும். முழுசாக் கதிர் வீசற பொருளுக்குக் கதிர்வீசு திறன் ε 1னா, அப்படிப்பட்ட தெளிஞ்ச வானத்துக்கு ஏறக்குறைய 0.71. கணக்கு கெல்வின்ல, 3 டிகிரின்னா 276 K.

```
T_sky = T_air × ε^0.25
276 × 0.918 ≈ 253 K
```

அதாவது இலைக்கு மேல மைனஸ் 20 டிகிரியில ஒரு கூரை இருக்கற மாதிரி. காத்தோட சூட்டுலயே இருக்கற இலை, சதுர மீட்டருக்கு 95 வாட் கிட்ட இழக்கும். காத்து அசையாம இருந்தா, அந்த இழப்பை ஈடுகட்ட இலை 4 முதல் 7 டிகிரி வரைக்கும் காத்தைவிடக் கீழே இறங்கியாகோணும். 3 டிகிரி காத்துல இலை மைனஸ் 1, அதுக்கும் கீழே. பந்தலுக்குள்ள இலை பார்க்கறது பந்தல் துணியை. அது காத்தோட சூட்டை ஒட்டியே இருக்கும். மேகம் மூடினாலோ காத்து வீசினாலோ ஐஸ் பிடிக்காதே, கவனிச்சீங்களா?

பாலித்தீன்ல ஒரு சிக்கல் இருக்குது. மெல்லிசு பாலித்தீன் இந்த வெப்பக் கதிரைப் பெரும்பாலும் அப்படியே வெளியே விட்டுரும். உள்பக்கம் நீர் கோத்தாத்தான் கொஞ்சம் தடுக்கும். ஷீட்டும் குளிர்ந்து, அதுல ஒட்டின இலைதான் முதல்ல கருகும்.

காங்கேயம் கட்டுத்தறி:
எங்க மாட்டுக் கொட்டகைத் தகரத்துலயும் மார்கழியில விடியக்காலம் தண்ணி சொட்டுதுங்க. மழையே இல்லை. ஆணி ஓட்டையெல்லாம் அடைச்சும் நிக்கலை. இங்கயும் உறைபனியா?

கோபி வானிலை:
உறைபனி இல்லைங்க, அங்க காத்து அந்தளவு குளிராது. தகரம் வானத்தைப் பார்த்துக் குளிர்ந்து பனிநிலைக்குக் கீழே போகுது. மாடுகளோட மூச்சு ஈரம் உள்பக்கம் நீர்த்துளியா கோக்குது. ஓட்டையை அடைக்கறதைவிட கூரை உச்சியில காத்து போக வழி விடுங்க.

மேட்டுப்பாளையம் தோட்டம்:
இன்ஃப்ராரெட் கன் எடுத்து வானத்துக்கு நேரா பிடிச்சா மைனஸ் 40க்குக் கீழே காட்டுதே. அப்ப உங்க மைனஸ் 20 கணக்கு தப்புதானே?

கோபி வானிலை:
கன் பார்க்கறது ஏறக்குறைய 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தை மட்டும். காத்துல வெப்பக் கதிர் தப்பிப் போற சந்து அதுதான், அதனால ரொம்பக் குளிராத் தெரியும். மத்த அலைநீளத்துல வர்றதையும் சேர்த்துத்தான் மைனஸ் 20. இலையைக் கன்னால பார்க்கலாம், நல்லாவே காட்டும். பளபளப்பான தகரத்தை மட்டும் நம்பாதீங்க, வானத்தோட பிரதிபலிப்பைக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அது மேல பாருங்க.

வால்பாறை நர்சரி:
புரிஞ்சுதுங்க. ஸ்பிரிங்க்ளர் போடலாமா? இல்லே, புகை மூட்டம்?

கோபி வானிலை:
புகை வேண்டாம். துகள் ஒரு மைக்ரானுக்கும் சின்னது, இந்தக் கதிரை மறிக்காது. கண்ணு எரியறதுதான் மிச்சம்.

ஸ்பிரிங்க்ளர் வேலை செய்யும். தண்ணி உறையும்போது கிலோவுக்கு 334 கிலோஜூல் வெப்பம் விடும். மணிக்கு 3 மில்லிமீட்டர் விழுந்தா சதுர மீட்டருக்கு 270 வாட்டுக்கு மேல. ஆனா இலை 0 தொடறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சு, வெயில்ல ஐஸ் உருகற வரைக்கும் நிறுத்தக் கூடாது. நடுவுல கரண்ட் போச்சுன்னா, ஈரம் ஆவியாகி இலையை இன்னும் குளிர வைக்கும். ஆவியாகற ஒரு கிலோ எடுத்துக்கறது, உறையற ஒரு கிலோ குடுக்கறதைவிட ஏழு மடங்கு. ஜெனரேட்டர் இல்லேன்னா தொடாதீங்க.

உங்களுக்கு நிழல்வலை போதும். பையிலிருந்து இரண்டு அடி உசரத்துல, பொழுது விழறதுக்கு முன்னாடி இழுத்து, காலையில எடுத்துருங்க. பகல்லயே மண்ணை நனைச்சு வையுங்க, ஈரமண்ணு பகல் சூட்டைப் பிடிச்சு வெக்கும்.

ஊத்துக்குளி விவசாயி:
50 சதவீத வலையா, 75ஆ?

கோபி வானிலை:
அந்தச் சதவீதம் வெயிலுக்குச் சொல்றது. ராத்திரிக்கு, ஓட்டை எவ்வளவுங்கறதுதான் முக்கியம். அடர்த்தியானது நல்லது, ஆனா 50ஐ இரட்டையாப் போட்டா 75க்கு ஈடாகுமான்னு தெரியணும்னா, ரெண்டுக்கும் கீழே இலை உசரத்துல ஒரு மினிமம் தெர்மாமீட்டர் வையுங்க, திறந்தவெளியில மூணாவது ஒண்ணு. வெள்ளையே பிடிக்காம கொழுந்து கருகினாலும் குறிச்சு வையுங்க. காத்து ரொம்ப வறண்டிருந்தா அப்படியும் நடக்கும்.